பட்டை சிறுத்தால் விலை திரும்பிவிட்டதா?

பங்குச் சந்தை சார்ட்டைத் திறந்தால், விலைக்குக் கீழே பச்சையும் சிவப்புமாகப் பட்டைகள் எழுவதும் இறங்குவதுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எம்ஏசிடி ஹிஸ்டோகிராம் என்பது அதுதான். 'பட்டை பூஜ்யத்துக்கு மேலே வந்தால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு' என்று இரண்டே வரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டை எதை அளக்கிறது, எவ்வளவு பிந்தி அளக்கிறது என்று தெரியாமல் அதை நம்பினால் பணம் கையைக் கடிக்கும்.

எம்ஏசிடியை 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் அமெரிக்கரான ஜெரால்ட் அப்பெல். கணக்கு எளிது. கடைசி 12 நாள் விலைக்கு ஒரு நகரும் சராசரி, 26 நாளுக்கு இன்னொன்று. சமீபத்திய விலைக்குக் கூடுதல் எடை தரும் எக்ஸ்பொனென்ஷியல் வகை சராசரிகள் இவை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது எம்ஏசிடி கோடு. அந்தக் கோட்டுக்கே 9 நாள் சராசரி எடுத்தால் அது சிக்னல் கோடு. திரையில் MACD (12, 26, 9) என்று காண்பது இந்த மூன்று எண்களைத்தான். இந்த இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும்வரை காத்திருந்தால் நேரமாகிவிடுகிறது என்பதால், 1986-இல் தாமஸ் ஆஸ்ப்ரே அவற்றின் இடைவெளியைப் பட்டையாக வரைந்தார். அதுவே ஹிஸ்டோகிராம்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். பல மாதங்களாக நாளுக்கு 2 ரூபாய் வீதம் பிசகாமல் ஏறி, இன்று 500 ரூபாயில் நிற்கிறது. 12 நாள் சராசரி 489-இல் இருக்கும். 26 நாள் சராசரி 475-இல் இருக்கும். எம்ஏசிடி 14. விலை ஒரே சீராக ஏறுவதால் சிக்னல் கோடும் 14. அப்படியானால் ஹிஸ்டோகிராம்? பூஜ்யம்!

பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. பங்கு அருமையாக ஏறிக்கொண்டிருக்கிறது, பட்டையோ மறைந்துவிட்டது. ஹிஸ்டோகிராம் அளப்பது விலையின் வேகத்தை அல்ல, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதை. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும் பேருந்துக்கு வேகம் உண்டு, வேக அதிகரிப்பு இல்லை. அதனால் ஏற்றத்தின் நடுவில் பட்டை சிறுத்தாலோ சிவப்பானாலோ 'ஏற்றம் முடிந்தது' என்று பொருள் கொள்ளக் கூடாது. ஏற்றம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

இப்போது அதே பங்கு நாளுக்கு 3 ரூபாய் வீதம் எட்டு நாள் இறங்கி 476-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்புப் பட்டை நாளுக்கு நாள் நீண்டு, எட்டாம் நாள் மைனஸ் 3.99 ஆகிறது. ஒன்பதாம் நாளிலிருந்து விலை நாளுக்கு 3 ரூபாய் ஏறத் தொடங்குகிறது. அன்று விலை 479, பட்டை மைனஸ் 3.92. அணுவளவு சிறுத்திருக்கிறது. பத்தாம் நாள் விலை 482, பட்டை மைனஸ் 3.56. இப்படியே சிறுத்துக்கொண்டே வந்து, பூஜ்யத்தைத் தாண்டுவது பதினாறாம் நாள். அன்று விலை மறுபடியும் 500.

தாமதம் என்பது இதுதான். பட்டை பச்சையாகும்வரை காத்திருந்தவர், இறங்கிய 24 ரூபாயும் முழுதாக மீண்ட பிறகே வாங்குகிறார். ஸ்டாப் லாஸைப் பழைய தாழ்வான 476-இல் வைத்தால், பங்குக்கு 24 ரூபாயைப் பணயம் வைக்கிறார். பத்தாம் நாள் 482-இல் வாங்கியவருக்கு அந்தப் பணயம் 6 ரூபாய். சராசரி என்பதே பழைய விலைகளின் தொகுப்பு என்பதால் இந்தத் தாமதத்தைத் தவிர்க்க வழியில்லை. சீரான ஏற்றத்தில் 12 நாள் சராசரி ஐந்தரை நாளும், 26 நாள் சராசரி பன்னிரண்டரை நாளும் பின்தங்கியே நடக்கும். சிக்னல் கோடு, சராசரிகளின் வித்தியாசத்துக்கு மேல் இன்னொரு சராசரி. அது தன் பங்குக்கு நான்கு நாளைச் சேர்க்கிறது. எண்களைக் குறைத்து வைத்தால் தாமதம் குறையும், ஆனால் சின்னச் சின்ன அசைவுக்கெல்லாம் பட்டை துள்ளத் தொடங்கும்.

அதனால்தான் அனுபவப்பட்ட வர்த்தகர்கள் பூஜ்யத்தைத் தாண்டும் நாளை விட, சிவப்புப் பட்டை சிறுக்கத் தொடங்கும் இடத்தைக் கவனிக்கிறார்கள். ஒரு நாள் சிறுத்தால் போதாது. ஒன்பதாம் நாள் 3 ரூபாய் ஏறிய பங்கு பத்தாம் நாள் திரும்பவும் 3 ரூபாய் இறங்கியிருந்தால், பட்டை மறுபடி மைனஸ் 3.94-க்கு நீண்டிருக்கும். தொடர்ந்து இரண்டு நாள் சிறுத்ததா என்று பார்த்தால் இந்தப் பொய்த் திருப்பத்திலிருந்து தப்பலாம். பட்டையைச் சந்தை முடிந்த பிறகே படிக்க வேண்டும். மாலை மூன்றரை மணிக்கு முன் தெரியும் பட்டை, விலையோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. எட்டாம் நாளோடு இறக்கம் நிற்கவில்லை, அதே 3 ரூபாய் வீதம் விலை சரிந்துகொண்டே போகிறது என்று வையுங்கள். பதினான்காம் நாள் வரை பட்டை நீளும். பதினைந்தாம் நாள், விலை 455-க்கு விழுந்திருக்கும்போதே, பட்டை சிறுக்கத் தொடங்கிவிடும்! ஏறும்போது நடந்த அதே கணக்குதான். சரிவு ஒரே சீரானதும் வேக மாற்றம் குறைகிறது, பட்டை பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. விலை திரும்பவே இல்லை. இதை நம்பி வாங்குகிறவர் விழுகிற கத்தியைக் கையில் பிடிக்கிறார்.

ட்ரெண்ட் ஃபில்டர் தேவைப்படுவது இங்கேதான். 50 நாள் எக்ஸ்பொனென்ஷியல் சராசரியைச் சார்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள். விலை அதற்கு மேலே இருந்தால் மட்டும் வாங்கும் சிக்னலைப் பார்ப்பது, கீழே இருந்தால் பட்டை என்ன சொன்னாலும் வாங்காமல் இருப்பது என்பது விதி. நம் பங்கில், விலை மீண்டு 479-ஐத் தொட்ட ஒன்பதாம் நாள் இந்தச் சராசரி 461-இல் இருக்கும். விலை மேலே இருக்கிறது, சிக்னலை எடுத்துக்கொள்ளலாம். சரிவு தொடர்ந்த இரண்டாவது கதையில், பதின்மூன்றாம் நாளே விலை சராசரிக்குக் கீழே போய்விடுகிறது. பதினைந்தாம் நாள் வரும் பொய் சிக்னல் வாசலிலேயே நின்றுவிடும். திசையைச் சொல்வது சராசரி. அந்தத் திசையில் மூச்சு திரும்புகிறதா என்பதை மட்டும் பட்டை உறுதிசெய்கிறது.

ஃபில்டரும் தாமதத்துக்கு விலக்கல்ல. சீரான ஏற்றத்தில் 50 நாள் சராசரி இருபத்து நாலரை நாள் பின்தங்கியிருக்கும். செங்குத்தான சரிவில் விலை அதன் கீழே போவதற்குள் பெரும் நஷ்டம் நடந்து முடிந்திருக்கும். திசையில்லாமல் குறுகிய எல்லைக்குள் விலை ஊசலாடும் மாதங்களிலோ, சராசரியை மேலும் கீழுமாகக் கடந்துகொண்டே இருக்கும். பட்டையும் ஃபில்டரும் சேர்ந்தே பொய் சொல்லும். சராசரிக் கோடு கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடந்தால் இந்த முறையை மூட்டைகட்டி வைத்துவிடுவதே நல்லது.

ஆக, வாங்குவதற்கு முன் வரிசையாக மூன்று கேள்விகள்: 50 நாள் சராசரி மேல்நோக்கிச் சாய்ந்து, விலை அதற்கு மேலே இருக்கிறதா? சிவப்புப் பட்டை இரண்டு நாள் தொடர்ந்து சிறுத்ததா? அந்த இரண்டு நாளும் விலையும் கூடவே ஏறியதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் வாங்காதீர்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்றாலும், ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் ஆர்டர் போடாதீர்கள்.