பணி நிறைவு விழாவுக்கு ஒரு படக்காட்சி

அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஓய்வு பெறுகிறார், விழாவுக்குப் பத்து நிமிடப் படக்காட்சி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படங்களைத் தேடும் முன் அவருடைய பணிப்பதிவேட்டிலிருந்து தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த நாள், மாறுதல்கள், பதவி உயர்வு எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் ஐந்தாறு திருப்பங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம் தேடினால் போதும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பெரிய திரையில் முகம் மங்கிவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய குழுப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

வாழ்த்துரைகளைக் கடைசியில் குவித்தால் கூட்டம் சோர்ந்துவிடும். அந்தந்தக் காலத்துப் படத்தோடு அந்தக் காலத்து ஆளே பேசட்டும்: முதல் பள்ளியின் மாணவர், பிறகு சக ஆசிரியர், அடுத்துச் சத்துணவு அமைப்பாளர். ஆளுக்கு நாற்பது நொடி. “சிறந்த பண்பாளர்” என்பது யாருக்கும் பொருந்தும். “மழை பெஞ்சா டீச்சர் எங்களை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க” என்பது அவருக்கு மட்டும்தான். அதனால் “வாழ்த்துங்க” என்று கேட்காமல், “ஒரு சம்பவம் சொல்லுங்க” என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மறைந்தவர்கள் இருக்கும் படங்களை மட்டும் முதல் நாளே அவர் வீட்டாரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.