இரண்டு கயிறு, நாற்பத்தைந்து நிமிடம்

சாஃப்ட்வேர் கம்பெனி நேர்முகத் தேர்வுகளில் நெடுங்காலமாகச் சுற்றிவரும் புதிர் இது. கையில் இரண்டு கயிறுகள், ஒரு தீப்பெட்டி. ஒரு முனையில் பற்றவைத்தால் ஒவ்வொரு கயிறும் எரிந்து தீர 60 நிமிடம் ஆகும். ஆனால் சீராக எரியாது. ஓரிடத்தில் விறுவிறுவென ஓடும் நெருப்பு, இன்னோரிடத்தில் ஊர்ந்து போகும். கடிகாரம் இல்லாமல் 45 நிமிடத்தை அளக்க வேண்டும்.

பலரும் முதலில் கயிற்றை மடித்து, முக்கால் பாகத்தில் அடையாளம் வைக்கப் பார்ப்பார்கள். அது பலிக்காது. 100 செ.மீ. நீளமுள்ள கயிற்றில் இடப்பக்கத்து 20 செ.மீ. எரிய 40 நிமிடமும், மீதி 80 செ.மீ. எரிய 20 நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து பற்றவைத்தால் பாதி நேரம் கழிந்தபோது வெறும் 15 செ.மீ.தான் கருகியிருக்கும். நீளத்தை அளந்து நேரத்தைச் சொல்ல முடியாது.

அதே கயிற்றின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் தீ வைத்தால்?

முதல் 20 நிமிடத்தில் வலப்பக்கத்து நெருப்பு 80 செ.மீ.யையும் தின்றுவிடும். இடப்பக்கத்து நெருப்பு 10 செ.மீ.தான் நகர்ந்திருக்கும். நடுவில் எஞ்சிய 10 செ.மீ.யை ஒரு நெருப்பு தனியாக எரிக்க 20 நிமிடம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 10 நிமிடம் போதும். மொத்தம் 30 நிமிடம். சந்திக்கும் இடம் கயிற்றின் நடுப்புள்ளி அல்ல, இடமுனையிலிருந்து 15 செ.மீ.

வேறு எப்படிப்பட்ட கயிறானாலும் இந்த 30 மாறாது. இரு நெருப்புகளும் சந்திக்கும்வரை இரண்டும் ஒரே அளவு நேரம் எரிந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து எரித்தது முழுக் கயிற்றை, அதாவது 60 நிமிடத்துக்கான சரக்கை. ஆளுக்குப் பாதி, 30.

இனி விடை எளிது. முதல் கயிற்றை இரு முனைகளிலும், இரண்டாவதை ஒரு முனையில் மட்டும், ஒரே நேரத்தில் பற்றவைக்க வேண்டும். முதல் கயிறு தீர்ந்தால் 30 நிமிடம் ஆகிவிட்டது என்று பொருள். இரண்டாவதில் எத்தனை செ.மீ. மிச்சம் என்று பார்க்கவே வேண்டாம். அதில் இருப்பது 30 நிமிட எரிபொருள். அந்தக் கணமே அதன் மறுமுனையையும் பற்றவைத்தால் 15 நிமிடத்தில் தீரும். 30-ம் 15-ம் சேர்ந்தால் 45.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கயிற்றின் எந்தத் துண்டும் எந்தத் திசையிலிருந்து எரிந்தாலும் ஒரே நேரம்தான் எடுக்க வேண்டும். நிஜக் கயிறு அப்படியல்ல. தொங்கவிட்ட கயிற்றில் தீ கீழிருந்து மேலே வேகமாக ஏறும், மேலிருந்து மெதுவாக இறங்கும். காற்றடித்தாலும் கணக்கு தப்பும். செய்து பார்க்க விரும்புவோர் கயிற்றைக் காற்றில்லாத இடத்தில், தீப்பிடிக்காத தரையில், படுக்கவைத்து எரிக்க வேண்டும். அப்போதும் விடை ஏறக்குறையத்தான் வரும்.