வராமல் போன டிக்கெட்

மடுகரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துத் தெருத் தம்பி தன் போனை என் கையில் கொடுத்தான். அதில் அவனுடைய ரெஸ்யூம் இருந்தது. சென்னையில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறான். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளைப் பராமரிப்பதுதான் அவன் வேலை. இப்போது பிராடக்ட் நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்கிறான். நான் அப்படிப்பட்ட நிறுவனத்தில் இன்டர்வியூ எடுப்பவன் என்பதால் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நாலு வருஷமா சப்போர்ட்டுதான். புதுசா எதையும் நான் கட்டல. இம்பாக்ட் என்னன்னு கேக்கறாங்க. நான் என்னத்தை எழுதுறது?"

அவன் எழுதியிருந்த முதல் வரி இது: 'மாதம் 150 டிக்கெட்டுகளை எஸ்.எல்.ஏ. நேரத்துக்குள் முடித்தேன்.' அது உண்மைதான். ஆனால் வாசிப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. அவனுக்குப் புரியட்டும் என்று நம் ஊர் போர் மோட்டாரை எடுத்துச் சொன்னேன். காயில் எரிந்தால் ஒரு மெக்கானிக் ஒரே நாளில் புதுக் காயில் கட்டிக் கொடுக்கிறார், அடுத்த மாதம் திரும்பவும் எரிகிறது. இன்னொருவர் வந்து, மூன்று பேஸில் ஒன்று அடிக்கடி போய்விடுவதையும், மிச்சம் இரண்டில் மோட்டார் இழுத்து ஓடிச் சூடேறுவதையும் கண்டுபிடித்து, ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும் கருவியை மாட்டிவிட்டுப் போகிறார். எத்தனை காயில் கட்டினார் என்று எண்ணினால் முதல் ஆள்தான் பெரிய வேலைக்காரர்.

சர்வீஸ் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அந்த எண்ணிக்கைதான் நடக்கிறது. டிக்கெட் வந்தது, இத்தனை மணிக்குள் மூடப்பட்டது என்பது அறிக்கையில் ஏறும். வராமல் போன டிக்கெட்டுக்கு அதில் கட்டமே கிடையாது. பிராடக்ட் நிறுவனத்தில் வாடிக்கையாளரின் ஒவ்வொரு புகாரும் சொந்தக் கைச்செலவு, அதனால் வராமல் போனதுதான் அங்கே கணக்கு. கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட 'சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்' புத்தகத்தில், திரும்பத் திரும்பக் கையால் செய்யும் இந்த மாதிரி வேலைக்கு 'டாயில்' என்று பெயர் வைத்து, அது ஒருவருடைய நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள்.  

"ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, அப்புறம் நின்னுபோன டிக்கெட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றைச் சொன்னான்.

வாடிக்கையாளர்கள் கட்டும் பிரீமியப் பணத்தை ராத்திரியில் ஒரு ஜாப் எடுத்துக் கணக்கில் ஏற்றும். புதிதாக வந்த பணத்துக்கு `N` என்று நிலை. ஜாப் அதைக் கையில் எடுத்ததும் `P` என்று குறித்துவிட்டு, பிறகுதான் கணக்கில் எழுதும். நடுவில் டேட்டாபேஸ் தொடர்பு அறுந்தால் ஜாப் நின்றுவிடும். மறுபடி ஓட்டும்போது அது `N` உள்ளதை மட்டுமே தேடும், `P` என்று குறிக்கப்பட்டவை அப்படியே கிடக்கும். காலையில் "பணம் கட்டிட்டேன், பாலிசியில காட்டல" என்று டிக்கெட் வரும். இப்படி மாதம் சுமார் 40. ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துக் கையால் சரிசெய்ய இருபது நிமிடம் ஆகும். டீமில் எல்லாரும் வருடக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இவன்தான் மூன்று மாத டிக்கெட்டுகளை அடுக்கிப் பார்த்து, கிட்டத்தட்ட எல்லாமே ஜாப் அறுந்த ராத்திரிகளுக்கு மறுநாள் வந்தவை என்று கண்டுபிடித்திருக்கிறான். ஜாப் தொடங்கும் முன் ஓடும்படி இதை எழுதியிருக்கிறான்:

```sql
UPDATE payments p SET status = 'N'
WHERE p.status = 'P'
  AND NOT EXISTS (SELECT 1 FROM ledger l
                  WHERE l.ref_no = p.ref_no);
```

கடைசி இரண்டு வரிகளைப் பார்த்ததும் எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது. கணக்கில் எழுதி முடித்த பிறகு, நிலையை முடிந்ததாக மாற்றுவதற்குள் ஜாப் அறுந்திருக்கலாம் இல்லையா? அதையும் `N` ஆக்கினால் ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடும். கணக்கில் அந்த ரெஃபரன்ஸ் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றுகிறான். அடுத்த ஆறு மாதத்தில் அந்த வகை டிக்கெட் மாதத்துக்கு மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்றும் வங்கியிலிருந்து பாலிசி எண்ணே தப்பாக வந்தவை.

ரெஸ்யூமில் இதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து வரியை மாற்றினோம்: 'ராத்திரி ஜாப் நடுவில் அறுந்தால் பிரீமியப் பணம் கணக்கில் ஏறாமல் தேங்கியது. காரணத்தைக் கண்டறிந்து, இருமுறை ஏறாதபடி தானே மீளும் ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த வகைப் புகார் மாதம் 40இலிருந்து 3 ஆனது, டீமுக்கு மாதம் 12 மணி நேரம் மிச்சமானது.' ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசைதான்: யாருக்கு என்ன வலித்தது, நீ எதைக் கண்டாய், எதை மாற்றினாய், எது குறைந்தது. மணிக்கணக்கு வந்த வழியையும் சொல்லத் தெரிய வேண்டும். நாற்பது டிக்கெட்டுக்கு இருபது நிமிடம் என்றால் 800 நிமிடம், பதின்மூன்று மணிக்குக் கொஞ்சம் மேல். மிஞ்சிய மூன்றுக்கு ஒரு மணி.

"கோடிக்கணக்குல மிச்சம்னு போடலாமாண்ணே?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நேரில் நான் கேட்கும் அடுத்த கேள்வியே அதை உடைத்துவிடும். நாற்பதை எப்படி எண்ணினாய்? பணம் கட்டியவர்கள் எண்ணிக்கையே அந்த மாதங்களில் குறைந்துவிட்டதா? பணம் இருமுறை ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய்? செய்தவன் இந்த இடங்களில் நின்று, விவரமாகப் பேசுவான். செய்யாதவன் 'நாங்கள்' என்பதற்குள் ஒளிவான். தம்பி எழுதியதைச் சரிபார்த்து அனுமதித்தது கிளையன்ட் டெவலப்மென்ட் டீம், புரொடக்‌ஷனில் ஏற்றியது வேறொருவர். அதையும் அப்படியே சொல்லச் சொன்னேன். கண்டுபிடித்ததும் எழுதியதும் அவன்தான், அதுவே போதும்.

ஜாப்பின் உள்ளேயே, குறிப்பதையும் கணக்கில் எழுதுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்திருந்தால் இந்த ஸ்கிரிப்டே தேவைப்பட்டிருக்காது. அந்தக் கோடில் கை வைக்க சப்போர்ட் ஆளுக்கு அனுமதி இல்லை. "உனக்கு முழு உரிமை இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று பிராடக்ட் நிறுவனத்தில் கட்டாயம் கேட்பார்கள். பராமரிப்பிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான், அதற்குப் பதில் யோசித்து வைத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வரி இன்டர்வியூ வரைக்கும்தான் கொண்டுபோய்விடும் என்பதையும் சொன்னேன். கோடிங் சுற்றுக்கு அவன் தினமும் எழுதிப் பழகித்தான் ஆக வேண்டும்.

இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் பட்டியலை வெளியே எடுத்து வராதீர்கள், கிளையன்ட் பெயரை எழுதாதீர்கள், அது ஒப்பந்தத்தை மீறுவது. எந்த வகைப் புகார், முன்பு மாதம் எத்தனை, பின்பு எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் போதும். அதை நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே எண்ணி வையுங்கள். லாகின் போன பிறகு எண்ண முடியாது.