நிலுவைத் தொகை கோரும் கடிதம்

ஒரே நிறுவனத்தில் நிலையாகப் பணிபுரியாமல், பல வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியே வேலை செய்து ஊதியம் பெறுவோரை ‘ஃப்ரீலான்சர்’ என்பர். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. வேலை முடிந்தபின் அனுப்பும் விலைப்பட்டியலுக்குப் பணம் வந்தால்தான் வருமானம்.

புணே நகரில் வாழும் ஓவியர் ஒருவர், டெல்லியிலுள்ள பதிப்பகம் ஒன்றின் சிறுவர் நூலுக்குப் பத்துப் படங்கள் வரைந்து கொடுத்தார். படம் ஒன்றுக்கு 3,650 ரூபாய் வீதம் மொத்த ஊதியம் 36,500 ரூபாய். விலைப்பட்டியல் நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் நிலுவைத் தொகைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வீதம் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் சேரும் என்றும் வேலை தொடங்கும் முன்பே இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தனர்.

விலைப்பட்டியல் 2025 ஜூன் 2 அன்று அனுப்பப்பட்டது. ஜூலை 2 கெடு நாள். ஜூலை 9 அன்று ஒரு நினைவூட்டல் அனுப்பியும் பணம் வரவில்லை. ஆகஸ்டு 1 அன்று ஓவியர் வீட்டு வாடகை கட்டவேண்டியிருந்தது. அடுத்த நூலுக்கும் படம் வரைந்து தருமாறு அதே பதிப்பகம் கேட்டிருந்தது. உரிமையை விட்டுக்கொடுக்கவும் கூடாது. உறவு முறியவும் கூடாது. இந்நிலையில் அவர் எழுதிய கடிதம் வருமாறு:

அனுப்புநர்: ஓவியர், புணே
பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர், பதிப்பகம், டெல்லி
நாள்: 1.8.2025
பொருள்: நிலுவைத் தொகை 36,500 ரூபாயும் தாமதக் கட்டணமும் வேண்டுதல்
பார்வை: 1. ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு. 2. விலைப்பட்டியல் எண் 14, நாள் 2.6.2025. 3. நினைவூட்டல், நாள் 9.7.2025.

ஐயா,

வணக்கம். பார்வை 2இல் கண்ட விலைப்பட்டியலுக்குரிய தொகை, கெடு நாளான 2.7.2025 கடந்தும் இதுவரை வரப்பெறவில்லை. ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 18 ரூபாய் தாமதக் கட்டணம் சேர்கிறது. இன்றுவரை 30 நாள்களுக்கு 540 ரூபாய் சேர்ந்து, மொத்தம் 37,040 ரூபாய் ஆகிறது. ஆகஸ்டு 8 அன்று செலுத்துவதாயின், 37 நாள்களுக்குரிய 666 ரூபாய் சேர்த்து 37,166 ரூபாய் செலுத்த வேண்டுகிறேன். ஏற்கெனவே செலுத்தியிருப்பின், வங்கிப் பரிமாற்ற எண்ணைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இக்கடிதத்தின் வலிமை அதன் கணக்கில் இருக்கிறது. 36,500 ரூபாய்க்கு 18 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 6,570 ரூபாய். அதனை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 18 ரூபாய். தாமத நாள்களை விலைப்பட்டியல் நாளிலிருந்து எண்ணக் கூடாது; கெடு நாளுக்கு மறுநாளான ஜூலை 3 முதலே எண்ணவேண்டும். ஜூன் 2ஐத் தொடக்கமாகக் கொண்டு எண்ணியிருந்தால் 60 நாள்கள் என்றாகி, கட்டணம் 1,080 ரூபாயாக இருமடங்காகியிருக்கும். அத்தகைய பிழை ஒன்றைக் கண்டால், கணக்கைத் திருத்தி அனுப்புமாறு கூறி வாடிக்கையாளர் முழுத் தொகையையும் நிறுத்திவைக்கலாம்.

‘பார்வை’ப் பகுதியும் இன்றியமையாதது. தாமதக் கட்டணம் ஓவியரின் விருப்பத்தால் விதிக்கப்பட்டதன்று, இருவரும் முன்பே ஏற்றது என்பதை அது காட்டுகிறது. ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணத்தைக் கடிதத்தில் புதிதாகச் சேர்க்க இயலாது. ஒப்பந்தத்தில் குறித்திருந்தாலும், வழக்கு நேர்ந்தால் அத்தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு.

‘நீங்கள் பணம் தராமல் ஏமாற்றுகிறீர்கள்’ என்று எழுதினால் அது பழி. அதனை மெய்ப்பிக்க வேண்டிய கடமை எழுதியவரைச் சேரும். ‘தொகை இதுவரை வரப்பெறவில்லை’ என்பது மறுக்க இயலாத செய்தி. உறவைக் காக்க விரும்பினால், ‘ஆகஸ்டு 8க்குள் 36,500 ரூபாயைச் செலுத்தினால் இம்முறை மட்டும் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறேன்’ என்றும் எழுதலாம். ‘இம்முறை மட்டும்’ என்னும் சொற்களை விட்டுவிட்டால், அடுத்த தாமதத்திற்கும் அதே சலுகை எதிர்பார்க்கப்படும்.

சொற்பொருள்
நிலுவை – செலுத்தப்படாமல் நிற்கும் தொகை
கெடு நாள் – பணம் செலுத்தவேண்டிய இறுதி நாள்
தள்ளுபடி – வேண்டாம் என விட்டுக்கொடுத்தல்

பயிற்சி
1. பணம் ஆகஸ்டு 11 அன்று வந்தால் தாமதக் கட்டணம் எவ்வளவு?
2. தாமத நாள்களை எந்த நாளிலிருந்து எண்ணவேண்டும்? ஏன்?
3. ‘எத்தனை முறை கேட்பது? உடனே பணத்தை அனுப்புங்கள்’ என்பதனைக் கடித நடையில் மாற்றி எழுதுக.