புற்றுக்குள் ஒரு வயல்

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிக்கரைமேல், பனைமரத்தடியில், வேப்பமரத்தடியில் மண்புற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலும் ஊற்றியிருப்பார்கள். "உள்ளே பாம்பு இருக்கு, கிட்டப் போகாதே" என்று பாட்டி அதட்டியிருப்பார். பாட்டி சொல்வதைக் கேளுங்கள். புற்றில் பாம்பு வந்து தங்குவது உண்டுதான். ஆனால் அந்தப் புற்றைக் கட்டியது பாம்பு அல்ல. மண்ணைச் சுமந்து வந்து சுவர் எழுப்பப் பாம்புக்குக் கையா இருக்கிறது? கட்டியது கறையான். அதுவும் கண் இல்லாத வேலைக்காரக் கறையான்.

நம் பக்கத்தில் இப்படி உயரமான புற்று கட்டுகிற கறையானுக்கு ஓடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்று அறிவியல் பெயர். ஈரமண்ணை வாயில் எடுத்து, எச்சிலோடு பிசைந்து, சின்ன உருண்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். காய்ந்த பிறகு அந்தச் சுவர் சுற்றியுள்ள மண்ணைவிடப் பல மடங்கு கெட்டியாகிவிடும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புற்று கரைவதில்லை. பத்தடி தள்ளி நின்றே ஒரு புற்றைக் கவனியுங்கள். அதன் பக்கங்கள் வழவழப்பாக இருக்காது. பட்டுப்புடவைக் கொசுவம் போல மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இறங்கியிருக்கும். இந்த மடிப்புகளை மறந்துவிடாதீர்கள், அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது.

இவ்வளவு உயரக் கட்டிய புற்றில் எந்த மாடியில் கறையான் குடியிருக்கிறது? எந்த மாடியிலும் இல்லை. வெளியே தெரியும் கோபுரம் பெரும்பாலும் வெறும் குழாய்களும் சுவர்களும்தான். ராணி, ராஜா, குஞ்சுகள் எல்லாம் அடியில், தரைமட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் உள்ள அறைகளில் இருக்கின்றன. அங்கேதான் வயலும் இருக்கிறது.

பயிர் என்ன தெரியுமா? பூஞ்சை. காய்ந்த இலை, புல், மரத்தூள் எல்லாம் கறையானுக்கு நேராகச் செரிப்பது கடினம். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளை உடைப்பது எளிதல்ல. அதை உடைக்கத் தெரிந்தது டெர்மிடோமைசிஸ் என்கிற பூஞ்சை. ஆகவே கறையான் அதற்கு உரம் போட்டு வளர்க்கிறது. வேலைக்காரக் கறையான்கள் வெளியிலிருந்து காய்ந்த இலை, மரத்துணுக்குகளைக் கொண்டுவரும். இளம் கறையான்கள் அவற்றை விழுங்கி, கூடவே பூஞ்சையின் வித்துகளையும் தின்று, அரைகுறையாகச் செரித்ததைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கழிக்கும். ஆமாம், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். வயலே சாணத்தால் ஆனதுதான்! அந்த உருண்டைகளை அடுக்கி, சுருக்கமும் துளையுமாக ஓர் அடை செய்துவைக்கும். வித்துகள் அதிலேயே முளைத்துப் பூஞ்சை பரவும்.

சில நாளில் அடையின்மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை வெள்ளையாக முத்துகள் தோன்றும். அவை கறையான்களுக்குச் சத்தான தீனி. அந்த முத்துகளுக்குள்ளேயே வித்துகள் இருப்பதால், தின்றவை அடுத்த உருண்டைக்கும் விதை போட்டுவிடுகின்றன. வேலைக்காரர்கள் மேலே புது உருண்டை வைத்துக்கொண்டே வருவார்கள். அடியில் பழசாகிப் பூஞ்சை நன்றாக ஊறிய பகுதியைத் தின்றுகொண்டே வருவார்கள். அறுவடையும் நடவும் ஒரே சமயம்.

இந்த அடைகளைப் பற்றி முதலில் எழுதிய விஞ்ஞானி யார் என்று பார்த்தால், அவர் நம் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர். 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், தஞ்சைப் பக்கத்துப் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1779இல் கறையான்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

சரி, வயலுக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? பூஞ்சையும் உயிருள்ளது, மூச்சு விடும். லட்சக்கணக்கான கறையான்களும் அவ்வளவு பூஞ்சையும் மண்ணுக்கடியில் அடைபட்டு மூச்சு விட்டால் கரியமில வாயு பெருகிக்கொண்டே போகும். ஜன்னல் திறந்துவைக்கலாமே என்றால், அது முடியாது. திறந்தால் ஈரம் போய்விடும், பூஞ்சை காய்ந்துவிடும்; எறும்பும் உள்ளே நுழைந்துவிடும். நல்ல நிலையில் இருக்கிற இந்தக் கறையான் புற்றில் பெரிய ஓட்டையே இருக்காது. ஓட்டை விழுந்தால் வேலைக்காரர்கள் உடனே ஓடிவந்து மண் உருண்டை வைத்து அடைக்கத் தொடங்குவார்கள். பிறகு காற்று எப்படி மாறுகிறது?

உள்ளே கூட்டத்தின் உடல்சூடுதான் காற்றை மேலே தள்ளுகிறது என்று விஞ்ஞானிகள் ரொம்ப நாள் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, சென்னை ஐஐடியில் படித்த எல். மகாதேவன் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் பெங்களூருப் பகுதியில் இதே வகைக் கறையானின் புற்றுகளில் துளை போட்டு, காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் சின்னக் கருவியை உள்ளே விட்டு அளந்தார்கள். சும்மா விடுமா கறையான்? சில நிமிடங்களிலேயே கருவியின்மேல் ஈரமண் அப்பத் தொடங்கிவிடும். அதற்குள் அளந்துவிட வேண்டும்.

பகலில் வெயில் பட்டதும் அந்த மடிப்புகள் மெல்லியவை என்பதால் சீக்கிரம் சூடாகின்றன. நடுவில் இருக்கிற பெரிய புகைபோக்கிக் குழாய் புற்றுக்குள் ஆழமாக இருப்பதால் குளிர்ச்சியாகவே இருக்கும். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். எனவே மடிப்புகளுக்குள் காற்று மேலே ஏறி, நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது. இரவில் இது அப்படியே தலைகீழ். மடிப்புகள் சட்டென்று குளிர்ந்துவிடும், நடுப்பகுதி கதகதப்பாக இருக்கும். காற்று நடுவில் ஏறி, மடிப்புகளில் இறங்கும். வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான், ஆனாலும் போதும். மெல்லிய வெளிச்சுவரை ஒட்டிப் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறும், ஆக்சிஜன் உள்ளே வரும்.

பகலில் கூட்டுக்குள் கரியமில வாயு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போவதும், இரவில் ஓட்டம் வலுத்து மளமளவென்று குறைவதும் அளவில் தெரிந்தது. உடல்சூடுதான் காரணமோ என்ற சந்தேகமும் தீர்ந்தது: கறையானே இல்லாத, ஆனால் இடியாத ஒரு புற்றிலும் காற்று இதேபோல்தான் ஓடியது. ஆக, வேலை செய்வது வெயிலும் இரவுக் குளிரும். இந்த முடிவு 2015இல் வெளியானது.

ஈரமும் கதகதப்பும் இருந்தால் களை வராமல் இருக்குமா? இந்த வயலின் களை, சூடோக்சைலேரியா என்கிற இன்னொரு பூஞ்சை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சிக்குழு ஒன்று கறையான்களிடம் இரண்டு பூஞ்சைகளையும் கொடுத்துப் பார்த்தது. கறையான்கள் வாசனையாலேயே களையைக் கண்டுபிடித்து, அதன்மேல் மண் உருண்டைகளைப் போட்டு மூடிப் புதைத்தன. பயிர்ப் பூஞ்சையை அந்த அளவுக்கு மூடவில்லை.

மழைக்காலத்தில் புற்றிலிருந்து ஈசல் பறக்கும். அதில் ஒரு ஜோடி இறங்கி, சிறகு உதிர்த்து, மண்ணுக்குள் புதுக்குடித்தனம் தொடங்கும். ஆனால் இந்த வகை ஈசல் பூஞ்சை வித்தைக் கையோடு எடுத்துப் போவதில்லை. வித்து பிறகு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பழைய புற்றுகளின் அடையிலிருந்து மழைக்குப் பின் வேர் போன்ற நீளமான காம்புடன் புற்றுக்காளான் மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பி, வித்துகளைக் காற்றில் தூவும். புதுக்குடித்தனத்தின் முதல் வேலைக்காரர்கள் உணவு தேடி வெளியே வரும்போது காய்ந்த இலைகளோடு அந்த வித்தும் வாய்க்குள் வந்து, புது வயலுக்கு விதையாகிறது.

கறையான் கைவிட்ட சில புற்றுகளின் அடைகளில் வெள்ளைக் காளானுக்குப் பதிலாகக் கறுப்புக் குச்சிகள் போல ஏதோ முளைத்திருக்கும். அது களைப் பூஞ்சைதான். புதைக்கக் கறையான் இல்லாததால் அது தாராளமாக வளர்ந்துவிட்டது.