சாலையின் ஆயுள் அதன் அடியில்

ரோமானியர் போட்ட சாலைகள் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றன. மும்பைச் சாலைகளுக்கு ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. காரணம் மேலே தெரியும் கல்லில் இல்லை.

மும்பையில் ஜூன் பிறந்து நாலு நாள் அடித்துப் பெய்தால் போதும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மே மாதத்தில் வழவழவென்று இருந்த சாலைகள் பல குண்டும் குழியுமாகிவிடும். உடனே யாராவது ஒருவர் ரோமானியர்களை இழுப்பார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் போட்ட சாலை இன்னும் இருக்கிறதே, நம்முடையது ஏன் இப்படி?

நல்ல கேள்விதான். முதலில் எழும் சந்தேகம் கல்லைப் பற்றியது. ரோம் நகரிலிருந்து தெற்கே போகும் ஆப்பியன் சாலை கி.மு. 312இல் தொடங்கப்பட்டது. அதன்மேல் பதித்த கருங்கற்கள் பழைய எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. மும்பையின் பாறையும் எரிமலைக் குழம்பில் பிறந்த கருங்கல்தான். ஆக, கல்லில் நமக்குக் குறையில்லை.

அப்படியானால் நிலமா? ஆப்பியன் சாலை பான்டைன் என்ற பெரும் சதுப்பு நிலத்தைக் கடந்து போனது. மும்பையும் சதுப்பும் கழிமுகமுமாக இருந்த ஊர்தான். தாராவி மாகிம் கழிமுகத்தின் ஓரம். சயானையும் குர்லாவையும் இணைக்கும் கரைச்சாலை 1798 முதல் 1805 வரை, ஆளுநர் ஜோனதன் டங்கன் காலத்தில், சதுப்பின் குறுக்கே எழுப்பப்பட்டது. செம்பூர்ப் பக்கம் போக அப்போது அதுதான் வழி. நிலத்திலும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம், கல்லுக்கும் நிலத்துக்கும் நடுவே இருப்பதில்.

ஒரு சக்கரம் 30 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள சதுரத்தில் தரையை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். அது நேரடியாகச் சேற்றில் நின்றால் முழு பாரமும் அந்தச் சதுரத்திலேயே இறங்கும், சக்கரம் புதையும். நடுவே 30 சென்டிமீட்டர் கனத்துக்கு நன்கு இறுகிய ஜல்லி இருந்தால், பாரம் கூம்பு போலப் பரவிக்கொண்டே இறங்கும். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் பரவினால், அடியில் அதே பாரத்தை 90 சென்டிமீட்டர் சதுரம் தாங்குகிறது. பரப்பு ஒன்பது மடங்கு. அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவுக்குப் பாரத்தைப் பரப்பும் என்றாலும், கணக்கின் போக்கு இதுதான். மேலே தேயாத கடினமான கல், அதற்குக் கீழே பாரத்தைப் பரப்பும் ஜல்லி, அதற்கும் கீழே சேறு மேலேறாமல் தடுக்கும் பெரிய கற்கள். சாலை அடுக்கடுக்காகப் போடப்படுவது இதனால்தான்.

இதை ரோமானியர் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு கவிஞரே சாட்சி. கி.பி. 95இல் பேரரசர் டொமிஷியன், ஆப்பியன் சாலையிலிருந்து பிரிந்து கடற்கரையோரமாக நேபிள்ஸ் பக்கம் போகும் ஒரு கிளைச் சாலை போட்டார். வண்டிச் சக்கரங்கள் மணலில் புதைந்து பயணிகள் அவதிப்பட்ட வழி அது. அந்த வேலையை ஸ்டேஷியஸ் என்ற கவிஞர் விவரித்திருக்கிறார். முதலில் சாலையின் இரண்டு விளிம்புகளிலும் சால் கீறினார்கள். நடுவே இருந்த மண்ணை ஆழமாகத் தோண்டி அகற்றினார்கள். மேலே வரப்போகும் கல் ஆட்டம் காணாதபடி அந்தப் பள்ளத்தை வேறு பொருளால் நிரப்பினார்கள். பிறகு இருபக்கமும் விளிம்புக் கற்களை நட்டு, ஆப்புகள் அடித்து இறுக்கினார்கள். இதற்கிடையே ஒரு கூட்டம் பக்கத்துக் குட்டைகளை வற்றவைத்து, ஓடைகளைத் தூரமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசி வேலை முக்கியமானது. காய்ந்த களிமண் கல் போலத் தாங்கும். அதே களிமண் நனைந்தால் களிதான். அதனால் ரோமானியர் பல இடங்களில் சாலையைச் சுற்றுத் தரையைவிட உயர்த்தி, நடுவில் சற்று மேடாக்கி, இருபுறமும் வாய்க்கால் வெட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜான் மெக்காடம் இதையே வேறு வழியில் நிரூபித்தார். அடியில் பெரும் பாறைகள்கூட வேண்டாம். நிலம் காய்ந்திருந்தால் போதும், உடைத்த சிறு ஜல்லியைப் பத்து அங்குல கனத்துக்கு அடுக்கடுக்காக இறுக்கினாலே பாரம் தாங்கும் என்றார். நம் ஊர்க் கப்பி ரோடு அவர் வழியில் வந்ததுதான்.

பாடநூல்களில் காணும் நான்கடுக்கு ரோமானியச் சாலைப் படத்தை அப்படியே நம்பவும் முடியாது. 1622இல் பிரெஞ்சுக்காரரான நிக்கலா பெர்ஜியே, விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் வீட்டுத் தளம் போடுவது பற்றி எழுதியதைச் சாலைக்கும் பொருத்தினார். படம் அதிலிருந்து வந்தது. தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது வேறு. பாறை இருந்த இடத்தில் அடுக்கே போடாமல் அதன்மேலேயே போயிருக்கிறார்கள். சதுப்பில் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் எழுப்பியிருக்கிறார்கள். ஒரே சூத்திரம் இல்லை. அடுக்கின் கனத்தை நிலம் தீர்மானித்தது.

‘போட்டுவிட்டுப் போனார்கள், நின்றது’ என்பதும் பாதி உண்மைதான். பான்டைன் சதுப்பில் ஆப்பியன் சாலையைப் பேரரசர் டிராஜன் கி.பி. 110ஐ ஒட்டிப் புதுப்பித்தார். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் தியோடரிக் ஆட்சியில் அந்தச் சதுப்பை வடிக்கும் வேலை மறுபடியும் நடந்தது. அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து அதைக் கண்ட வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ், கற்கள் இன்னும் இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதை வியந்து எழுதினார்.

பாரமும் குறைவு. ரோமானியரின் பிற்காலச் சட்டம் அரசு மாட்டு வண்டிக்கு 1,500 ராத்தல், அதாவது சுமார் 490 கிலோ சரக்குதான் அனுமதித்தது. வண்டியின் எடையையும் சேர்த்து ஓர் அச்சுக்கு அரை டன் என்று கொள்ளலாம். இன்றைய லாரியின் பின் அச்சு 10 டன் சுமக்கிறது, இருபது மடங்கு. ஆனால் 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த பெரிய சாலைச் சோதனை, சேதம் ஏறத்தாழ பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று காட்டியது. அந்த விதியை இவ்வளவு தூரம் நீட்டுவது தோராயம்தான். ஆனாலும் ஒரு லாரி அச்சு ஒருமுறை போவது வண்டி அச்சு 1,60,000 முறை போவதற்குச் சமம் என்று வருகிறது.

மழையும் சளைத்ததல்ல. ரோமில் ஆண்டு முழுவதும் சுமார் 800 மில்லிமீட்டர். மும்பையில் நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். இத்தனைக்கும் நடுவே கேபிளுக்கும் குழாய்க்குமாகச் சாலையைக் குறுக்கே வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி மேலே தார் பூசினால் அடுக்குகளின் தொடர்ச்சி போய்விடும். முதல் மழையிலேயே பள்ளம் விழும்.

எது கெட்டது என்பதைச் சாலையே சொல்லிவிடும். நேர்கோடாக நீளும் தாழ்வு, சரியாக மூடப்படாத வெட்டு. தார் மட்டும் பெயர்ந்து ஜல்லி தெரிந்தால் நோய் மேல்தோலில், ஒட்டுப்போட்டால் போதும். முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்தால் அடித்தளம் தளர்ந்துவிட்டது. வாகனம் போகும்போது வெடிப்பின் வழியே சேற்று நீர் பீச்சினால் சந்தேகமே வேண்டாம், அடியில் தண்ணீர் நிற்கிறது. கான்கிரீட் போட்டாலும் இதே கதைதான். அடியில் மண் அரித்துப் போனால் பலகை தொங்கும், பிறகு உடையும்.

அந்த நிலையில் மேலே இன்னொரு பூச்சு போடுவதால் பயனில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் சாலை சில அங்குலம் உயரும். சந்துகளில் வாசற்படி தாழ்ந்துபோய் மழைநீர் வீட்டுக்குள் வரும். டொமிஷியனின் ஆட்கள் மேலே பூசிக்கொண்டிருக்கவில்லை. சால் கீறி, கெட்ட மண்ணைத் தோண்டி எறிந்து, தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத்தான் கல்லைத் தொட்டார்கள்.