தூணைத் தாங்குவது எது?

இரவு ஒன்பதரைக்கு அந்தச் செய்தி வந்தது. "சார், பட்டுக்கோட்டை டேங்க் டிசைன் ஃபைல் அனுப்பியிருக்கேன். பார்த்து ஓகே சொல்லுங்க." கூடவே பதினான்கு பக்கக் கணக்கு, மூன்று வரைபடங்கள்.

அனுப்பியவர் எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடமான பெண். கணக்கில் கெட்டிக்காரி. பதினான்கு பக்கத்தில் கூட்டல் பிழை ஒன்றுகூட இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று செய்தியில் இல்லை. எல்லாவற்றையும் பார் என்றால், களைப்பில் இருக்கும் சீனியர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். நானும் அப்படித் தலையாட்டியிருக்கிறேன்; பெருமையாகச் சொல்லவில்லை.

"எவ்வளவு பாரம், எதன் மேல் ஏறுகிறது, அந்தப் பொருள் என்ன நிலையில் இருக்கு, உனக்கு எது சந்தேகம், இதை ஒரு பக்கத்தில் எழுதி அனும்மா. ஃபைல் அப்புறம்" என்று பதில் போட்டேன்.

விஷயம் சின்னது. இருபது வருடம் முன்பு கட்டிய மாடி வீடு. மொட்டை மாடியில் மாடிப்படி வந்து முடியும் ஹெட்ரூமின் தலையில் ஒரு 1,000 லிட்டர் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. மாடியை வாடகைக்கு விடப்போவதால் அதை எடுத்துவிட்டு 5,000 லிட்டர் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் ஹெட்ரூமின் மேற்கு ஓரத்தில்தான். அது வீட்டின் தென்மேற்கு, கன்னி மூலை. மேல்நிலைத் தொட்டிக்கு வாஸ்து சொல்லும் இடம். "இருபது வருஷமா டேங்க் இருக்கு, ஒண்ணும் ஆகலையே" என்பது அவர் வாதம். நம் ஊரில் பாதிப் பேர் இப்படி ஒரு டேங்கை மாற்றியிருப்பார்கள். பொறியாளரைக் கேட்டு மாற்றியவர்கள் குறைவு.

இரண்டு நாள் கழித்து வந்த செய்தி இப்படித் தொடங்கியது:

"சார், வணக்கம். வெள்ளிக்கிழமை கம்பி கட்ட ஆள் வருகிறது. வியாழனுக்குள் உங்கள் முடிவு வேண்டும். முதலில் ஒரு திருத்தம். நான் அனுப்பிய கணக்கில் மொத்தப் பாரத்தை நான்கு தூண்களுக்கும் சமமாகப் பிரித்திருந்தேன். இதை எழுத உட்கார்ந்தபோதுதான் தவறு என்று புரிந்தது."

ஃபைலில் ஒளிந்திருந்த தவறு, நான்கு வரியில் எழுத வேண்டும் என்றதும் தானே வெளியே வந்துவிட்டது. அடுத்து பாரம்:

"தண்ணீர் 5 டன். காலி டேங்க் 120 கிலோ. அதன் கீழே 15 செ.மீ. கனத்தில் 2.2 மீட்டர் சதுர மேடை, 1.8 டன். மேடையைத் தாங்க இரண்டு பீம், 0.9 டன். மொத்தம் 7.8 டன். ஹெட்ரூமின் நீளம் 4.5 மீட்டர். டேங்கின் மையம் மேற்குத் தூண்களிலிருந்து 1.2 மீட்டர். ஆகவே பாரத்தில் 73 சதவீதம் மேற்குத் தூண்கள் இரண்டுக்கும் போகிறது. தூணுக்கு 2.8 டன். முதலில் நான் எடுத்தது 1.95 டன்."

இதில் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஐந்து டன் தண்ணீரைத் தூக்கி வைக்கப் போய் எட்டு டன் ஆகிவிட்டது. தாங்குகிற பொருளுக்கும் எடை உண்டு. நுகத்தடியில் குடத்தைக் கட்டிச் சுமப்பது போலத்தான் 73 சதவீதமும்: குடம் எந்தத் தோளுக்குப் பக்கமோ அந்தத் தோள் வலிக்கும்.

வீட்டில் இருப்பவர்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் நிற்கிறதோ, அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரும் அத்தனை டன் தாங்குகிறது. இந்த டேங்கின் குறுக்களவு 1.9 மீட்டர், நிரம்பினால் தண்ணீர் சுமார் 1.75 மீட்டர் நிற்கும். அதாவது சதுர மீட்டருக்கு 1,750 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு நமது தர விதி எடுத்துக்கொள்ளச் சொல்வது 150 கிலோ. அதனால்தான் டேங்கைத் தளத்தின் மேல் அப்படியே வைக்காமல், பீம் போட்டுத் தூணுக்குப் பாரத்தைக் கொண்டுபோகிறோம்.

டேங்க் காலியாக இருக்கும் நேரத்தையும் அவர் விடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட வட்டாரம் அது. மணிக்கு 120 கி.மீ. காற்றில் இந்த டேங்கின் மேல் ஏறத்தாழ 180 கிலோ தள்ளு விழும். காலி டேங்கின் எடையோ 120 கிலோ. கட்டி வைக்காவிட்டால் உருண்டு தெருவுக்கு வந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி வை என்று சொல்வது கரண்ட் போய்விடும் என்பதற்காக மட்டும் அல்ல போலிருக்கிறது.

அடுத்து பொருள். இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான செய்திகள் கோட்டை விடும். "கான்கிரீட் எம்20, கம்பி 415" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். எம்20 என்றால், 15 செ.மீ. கனசதுரமாக வார்த்து 28 நாள் கழித்து அழுத்தினால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், ஏறக்குறைய 2 கிலோ, தாங்கும் கான்கிரீட். இன்று கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விதி அனுமதிக்கும் குறைந்தபட்சம் அது. ஆனால் இருபது வருடம் முந்தைய வீட்டில் அது எம்20 என்று யார் சொன்னது? அவர் எழுதியிருந்தார்:

"தூண் அளவு 9 அங்குலம், 12 அங்குலம்: நானே அளந்தேன். கம்பி 12 மி.மீ. நான்கு: ஹெட்ரூம் தூணில் ஒரு இடத்தில் பூச்சை உடைத்துப் பார்த்தேன். மற்ற தூண்களுக்குப் பழைய வரைபடத்தை நம்பியிருக்கிறேன். கான்கிரீட் கலவை 1:1½:3 என்று மேஸ்திரி சொன்னார், ஆதாரம் இல்லை. சுத்தியல் சோதனை எம்20க்கு மேல் காட்டியது. பழைய கான்கிரீட் என்பதால் அதை நம்பாமல் எம்15 என்று எடுத்துள்ளேன்."

அளந்தது, வரைபடத்தில் கண்டது, காதால் கேட்டது என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. எந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுத்தியலை நம்பாததும் சரி. அது கான்கிரீட்டின் மேல்தோலில் அடித்து, எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கும் கருவி. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடம் உள்ளே ஏறினால் மேல்தோல் கடினமாகிவிடும். உள்ளே சொத்தையாக இருந்தாலும் சுத்தியல் நன்றாகத் துள்ளும். சந்தேகம் தீர வேண்டுமானால் உருளையாகத் துளைத்து எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். மெலிந்த தூணில் துளை போடுவதே வம்பு என்பதால் நாங்கள் அதைத் தள்ளிப்போட்டோம். எம்15 என்று எடுத்தாலும் அந்தத் தூண் 2.8 டன் கூடுதலைச் சிரமம் இல்லாமல் தாங்கும் என்று கணக்கு காட்டியது.

அப்புறம் அவருடைய கேள்விகள். மூன்று இருந்தன, இரண்டு சாதாரணம். மூன்றாவது இது:

"மேற்குத் தூண்களில் தெற்குப் பக்கத்தது முதல் மாடி வரை தெரிகிறது. கீழே ஹாலில் அந்த இடத்தில் பூச்சுச் சுவர்தான் இருக்கிறது. தூண் சுவருக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன். இறங்கவில்லை என்றால் என் கணக்கு முழுக்கச் செல்லாது. சுவரை உடைத்துப் பார்க்க வீட்டுக்காரர் தயங்குகிறார். அவசியமா, சார்?"

பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லாத வாக்கியம் இது. அங்கே நான்கு தூண்களும் அஸ்திவாரம் வரை நேராகக் கோடு கிழித்து நின்றன.

இப்படிக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1981 ஜூலை 17 அன்று 114 பேரைக் கொன்றது. அங்கே ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில், கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளில் இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே தண்டு மேல்பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம் வரை போனது. செய்வதற்குச் சுலபம் என்று அதை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். பாலங்களின் எடையில் மாற்றமில்லை. ஆனால் மேல்பாலத்தின் திருகுமரை இப்போது இரண்டு பாலத்தையும் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மூட்டைப் புதிதாகக் கணக்கிட்டுப் பார்த்தவர் இல்லை. முதல் வடிவமே விதிக்குப் போதாது என்பது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது.

எங்கள் வீட்டில் உயிர்ப்பலி பேச்சு இல்லை. ஆனால் சங்கதி ஒன்றுதான்: பாரம் எவ்வளவு என்பது தெரியும், எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பது தெரியாது. "அவசியம். நான் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன்" என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை காலை போனோம். மாடியில் தூணின் முனையை வெளிச்சுவரிலிருந்து அளந்து, அதே அளவைக் கீழே ஹாலில் குறித்து, ஒரு கை அகலத்துக்குக் கொத்தனார் பூச்சைக் கொத்தினார். சிவப்பாகச் செங்கல் வந்தது. பக்கத்தில் இன்னும் ஒரு அடி கொத்தினோம், அங்கேயும் செங்கல். தூண் ஹாலின் மேலே ஓடும் பதினான்கு அடி பீமின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தூண் தாங்கும்தான். தூணைத் தாங்கும் பீமில் என்ன கம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் நடு முதுகில் 2.8 டன்னை ஏற்றப் போனோம்.

வீட்டுக்காரர் அந்தச் செங்கலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப பழைய டேங்க்?" என்றார். அது நிரம்பினாலும் ஒரு டன்தான். இருபது வருடத்தில் பீமின் அடியில் விரிசலோ தொய்வோ இல்லை. இருக்கட்டும் என்றேன்.

பிறகு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். எதற்கு 5,000 லிட்டர்? இரண்டு குடும்பம், பத்துப் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாங்கள் எடுக்கும் வழக்கமான அளவு. 1,350 லிட்டர் ஆகிறது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால் சேர்த்து வைக்க நினைத்திருக்கிறார். சேர்த்து வைப்பதைத் தரைக்கடியில் சம்ப் கட்டி வைக்கலாமே, எட்டு டன்னை எதற்கு மூன்றாம் தளத்தில் தூக்கி வைக்க வேண்டும்? டேங்கின் கொள்ளளவை நாங்கள் இருவருமே கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தோம். செய்தியில் அதற்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

கிழக்குத் தூண்கள் இரண்டையும் அதேபோல் கீழே கொத்திப் பார்த்தோம். அவை ஜல்லியும் சிமென்ட்டுமாக இறங்கின. அவற்றை ஒட்டி 2,000 லிட்டர் டேங்க் ஒன்று, பழைய டேங்க் கன்னி மூலையிலேயே, கீழே சம்ப் என்று முடிவானது. புதுக் கணக்கு நான்கு பக்கத்தில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: "சார், இரண்டு டேங்கையும் அடியில் குழாயால் இணைக்கிறோம். பழையது 20 செ.மீ. குட்டை. இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இல்லை என்றால் குட்டை டேங்க் வழிந்துகொண்டே இருக்கும். பழையதன் கீழே செங்கல் மேடையை உயர்த்தட்டுமா, புதியதின் மேடையைத் தாழ்த்தட்டுமா? தாழ்த்தினால் பழைய பீமுக்குப் புதுப் பாரம் இல்லை. அதையே செய்ய நினைக்கிறேன்."

"தாழ்த்து" என்று எழுதி அனுப்பினேன்.